திடீர் ஹார்ன் சத்தம்: நாய்ஸ் கேட்டா, நாய்ஸ் ரிடக்‌ஷனா?

சாலையோர வீட்டில் உட்கார்ந்து கதை வாசிப்பவர்களும் பாட்காஸ்ட் பதிவு செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பேச்சின் நடுவே ஒரு பஸ்ஸோ ஆட்டோவோ ஹார்ன் அடித்துவிட்டது. அதை எடுக்க நாய்ஸ் கேட் போடுவதா, நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுவதா? இரண்டும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டின் பெயரிலும் நாய்ஸ் இருப்பதால், ஒன்று சரிவராவிட்டால் மற்றொன்று சரிவரும் என்று பலர் நம்புகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் ரிடக்‌ஷனை எடுங்கள். ஆனால் ஹார்னுக்காக அல்ல, ஹார்னுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் இரைச்சலுக்காக. கேட்டை அணைத்து வையுங்கள், அல்லது இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மையாக வையுங்கள். கிட்டத்தில் அடித்த ஹார்னை இரண்டுமே எடுக்காது. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். ஏன் என்பதை ஒரு பதிவை வைத்தே பார்க்கலாம். இங்கே ரிடக்‌ஷன் என்று நான் சொல்வது, இரைச்சலின் மாதிரியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு அதைக் குறைக்கச் சொல்லும் வகையை மட்டும்.

சென்னை வடபழனியில், நூறடிச் சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய ஒரு இரண்டாம் மாடி வீடு. தோழி ஒருவர் அங்கே உட்கார்ந்து ஒரு சிறுகதையை வாசித்துப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மைக் மேசைமேல், வாயிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் பதிவில் உச்ச அளவு 0 டெசிபல். மற்றதெல்லாம் அதற்குக் கீழே, மைனஸ் எண்களில் வரும். 6 டெசிபல் இறங்கினால் அலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாகும். இவருடைய பதிவில் அழுத்திச் சொன்ன சொற்கள் -10 வரை போயின. சாதாரணமாக வாசித்த இடங்கள் -20ஐ ஒட்டி இருந்தன. சொல் முடிவில் குரல் தேயும் இடங்கள் -40. ஃபேன் இரைச்சல் -52. தூரத்து ஹார்ன் -46. வீட்டுப் பக்கமே அடித்த ஹார்ன் -20.

இந்த எண்களில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கிட்டத்து ஹார்னும் அவருடைய சாதாரணக் குரலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

நாய்ஸ் கேட்டுக்குச் சத்தத்தின் உயரம் மட்டுமே தெரியும். நாம் ஒரு வாசல் அளவைக் கொடுக்கிறோம். ஆடாசிட்டியில் அதன் பெயர் Gate threshold. சத்தம் அதைவிட உயர்ந்தால் கதவு திறக்கும், தாழ்ந்தால் மூடும். வருவது மனிதக் குரலா, மாநகரப் பேருந்தா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே இந்தப் பதிவில் வாசலை -44இல் வைத்தால், வாக்கியங்களுக்கு நடுவே ஃபேன் மறையும், தூரத்து ஹார்னும் மறையும். கிட்டத்து ஹார்ன் -20இல் வரும்போது கதவு அகலத் திறந்து அதை முழுதாக உள்ளே விடும். ஹார்னை நிறுத்த வேண்டுமானால் வாசலை -18க்கு உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால் கதையில் அழுத்திச் சொன்ன சொற்கள் மட்டும் மிஞ்சும், பாதி வாசிப்பு காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேடுவதிலும் பயனில்லை. குரலின் தேய்ந்த முடிவு -40இல் இருக்கிறது, ஹார்ன் அதைவிட 20 டெசிபல் மேலே நிற்கிறது. குரலை முழுதாக விட்டு ஹார்னை மட்டும் மறிக்கும் வாசல் இந்தப் பதிவில் கிடையாது.

ஹார்னை விட்டுவிடுவது ஒருபுறம் இருக்க, கேட் அதைக் கூடுதலாக எடுத்தும் காட்டும். ஃபேன் ஓட்டத்தின் மேல் வரும் ஹார்னுக்குக் காது ஓரளவு பழகிவிடும், ஏனென்றால் அதே அறைச் சத்தம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. கேட் போட்ட பதிவில் இடைவெளிகள் முழு மௌனம். அந்த மௌனத்தில் திடீரென்று ஒரு ஹார்ன், அதோடு சேர்ந்து ஃபேன் இரைச்சலும் ஒரு விநாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கேட்பவர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி வாசலைப் பார்க்கும் இடம் அதுதான்.

தமிழ்க் குரலுக்குக் கேட் இன்னும் இரண்டு விதங்களில் தொல்லை தரும். நம் சொற்களில் ஏராளமானவை குற்றியலுகரத்தில் முடிகின்றன: வந்தது, பார்த்து, எடுத்துக்கொண்டு. கடைசி உகரம் மெலிதாக, குறுகலாக வரும். அதுதான் இந்தப் பதிவில் -40இல் இருந்த பகுதி. வாசலைச் சற்று உயர்த்திவிட்டால் முதலில் அறுபடுவது அந்த உகரம்தான். ‘வந்தது’ என்பது ‘வந்தத்’ என்று நின்றுவிடும். இரண்டாவது, இரட்டித்த வல்லினம். ‘பத்து’, ‘பக்கம்’ என்று சொல்லும்போது நாக்கு அடைத்து நிற்கும் கணத்தில் உண்மையாகவே சத்தம் இல்லை, அதுவும் 100 மில்லி விநாடிக்கு மேல் நீளலாம். சத்தம் தாழ்ந்த பிறகும் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் Hold அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் சொல்லின் நடுவிலேயே கதவு மூடத் தொடங்கும். மறுபடி திறப்பதற்குள் ‘து’வின் முன்விளிம்பு மழுங்கிவிடும். எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க, இப்படிப்பட்ட சொற்கள் நிறைந்த ஒரு வாக்கியத்தை ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேளுங்கள். பேசுபவருக்கு மூச்சுத் திணறுவது போலத் தோன்றினால் Hold போதவில்லை.

அதற்காக Hold அளவை 250 மில்லி விநாடிக்கு ஏற்றினால் சொற்கள் பிழைக்கும். ஆனால் குரல் நின்ற பிறகும் கதவு கால் விநாடி திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் வரும் தூரத்து ஹார்ன் உள்ளே வந்துவிடும். கேட்டை வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, கதவை முழுக்க மூடாதீர்கள் என்பதுதான். Level reduction என்ற இடத்தில் -10 டெசிபல் அளவில் கொடுங்கள். மூடும்போது அறைச் சத்தம் மறையாது, கொஞ்சம் தணியும். திறக்கும்போது வித்தியாசம் காதில் இடிக்காது. தூரத்து ஹார்னும் -46இலிருந்து -56க்கு இறங்கிவிடும், அது போதும்.

இப்போது ரிடக்‌ஷனுக்கு வருவோம். இது மொத்த உயரத்தைப் பார்ப்பதில்லை. சத்தத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுகிய அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முதலில் குரலே இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து Get Noise Profile கொடுக்கிறோம். இந்த அறையில் ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் வழக்கமாக எவ்வளவு இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும், குறித்துக்கொண்ட அளவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும் பட்டைகளைத் தணிக்கும். அதைவிட நன்றாக உயர்ந்து நிற்பதைக் குரல் என்று எண்ணி விட்டுவிடும்.

ஃபேனுக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் ஃபேன் காலையிலிருந்து மாலை வரை ஒரே மாதிரி சுற்றுகிறது. ஹார்ன் அப்படியில்லை. அமைதியான இடத்தில் எடுத்த மாதிரியில் ஹார்னே இல்லை. ஆகவே அது வரும்போது அதன் பட்டைகளெல்லாம் மாதிரியைவிட வெகு உயரத்தில் நிற்கும், கருவி அதைக் குரலோடு சேர்த்துப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுக்கும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரிடக்‌ஷன் பெட்டியில் Reduce என்பதற்குப் பதிலாக Residue என்பதைத் தேர்ந்து முன்னோட்டம் கேளுங்கள். நீக்கப்படப் போகிற சத்தம் மட்டும் அதில் கேட்கும். ஃபேனின் ‘ஸ்ஸ்’ கேட்கும், ஹார்ன் பெரும்பாலும் கேட்காது. நீக்கும் பட்டியலில் ஹார்ன் இல்லவே இல்லை என்பது அப்போது தெரிந்துவிடும். அங்கே பேச்சு புரியும் அளவுக்குக் கேட்டால் அளவு அதிகமாகிவிட்டது, குறைத்தாக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அடுத்ததாக ஓர் எண்ணம் வரும்: அப்படியானால் ஹார்னையே மாதிரியாகக் கொடுத்துவிட்டால் என்ன? நல்ல கேள்விதான், கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய கேள்வியும்கூட. பலரும் ஒரு ஹார்னைத் தேர்ந்து மாதிரி எடுத்து, முழுக் கதைக்கும் போட்டுவிடுகிறார்கள். குரல் பாதாளத்திலிருந்து வருவது போலாகிவிடுகிறது.

காரணம், ஹார்ன் வந்து உட்காரும் இடம். கார் ஹார்ன்களின் அடிச்சுருதி பெரும்பாலும் 400, 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பல வண்டிகளில் இரண்டு சுருதிகள் சேர்ந்தே ஒலிக்கும். அதோடு நிற்பதில்லை. 800, 1000, 1200, 1500 என்று மடங்குகளில் ஏறிப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை வலுவான ஒலிகள் அடுக்காக நிற்கும். இந்தப் பரப்புதான் பேச்சின் உயிரெழுத்துகளும் வாழும் பரப்பு. தொலைபேசி பல காலம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது, பேச்சு புரிய அது போதும் என்பதால். எந்தச் சந்தடியிலும் மனிதக் காதுக்கு எட்ட வேண்டும் என்று செய்த கருவி, காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில்தானே ஒலிக்கும். தோழியின் குரலின் அடிச்சுருதி 200 ஹெர்ட்ஸ் அளவு. அதன் மடங்குகள் 400, 600, 800. ஹார்னின் பட்டைகளைத் தணிக்கும்போது அவர் குரலின் பட்டைகளும் உடன் தணிகின்றன. அதோடு பேச்சில் சுருதி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டையை ஒரு கணம் தொட்டு மறுகணம் விலகும். தொட்ட கணத்தில் தணிந்து, விலகிய கணத்தில் எழுந்து, குரல் தண்ணீருக்கு அடியில் பேசுவது போல் நெளியும்.

ஆனாலும் ஒரே ஒரு சூழலில் இந்த வழி உண்மையாகவே உதவுகிறது. வண்டி நின்ற இடத்திலேயே நின்று, ஒரே ஹார்னைத் திரும்பத் திரும்ப அடித்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று பேச்சு இல்லாத இடைவெளியில் விழுந்திருக்க வேண்டும். வடபழனிப் பதிவில் அப்படி ஓர் இடம் இருந்தது. சிக்னலில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒரு பெரிய வண்டி சில தடவை அடித்தது; ஒன்று பத்திக்கு நடுவில், ஒன்று ‘அம்மா’ என்ற சொல்லின் மேலேயே. இடைவெளியில் விழுந்த ஹார்னின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 0.4 விநாடி மட்டும் மாதிரி எடுத்து, ‘அம்மா’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தேர்ந்து 9 டெசிபல் தணிப்புப் போட்டோம். ஹார்ன் பின்வாங்கியது. சொல் சற்றே உள்ளீடற்றுப் போனது, ஆனால் புரிந்தது. ஒரு சொல் அளவில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய விலை. முழு வாக்கியத்துக்கும் போட்டிருந்தால் பொறுத்திருக்க முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: மாதிரி எடுத்த ஹார்ன், நீக்க வேண்டிய ஹார்னைவிட மெலிதாக இருந்தால் இது பலிக்காது. நீக்க வேண்டியது மாதிரியைவிட உயர்ந்து நிற்கும், கருவி அதைக் குரல் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே இருப்பவற்றில் உரத்த ஹார்னையே மாதிரியாக எடுங்கள்.

ஓடும் வண்டியின் ஹார்னுக்கு இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். நம்மை நோக்கி வரும்போது 400 ஹெர்ட்ஸ் ஹார்ன் 413 ஆகக் கேட்கும், கடந்து போனபின் 387க்கு இறங்கிவிடும். அடிச்சுருதியிலேயே 26 ஹெர்ட்ஸ் சரிவு. 2000 ஹெர்ட்ஸ் மடங்கில் அது 130 ஹெர்ட்ஸ். ரிடக்‌ஷன் வழக்கமாகப் பிரிக்கும் ஒரு பட்டையின் அகலம் 44,100 ஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் வீதத்தில் ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ்தான். அதாவது வண்டி வீட்டைக் கடக்கும் நேரத்துக்குள் ஹார்னின் மேல் மடங்குகள் ஆறு பட்டைகள் தள்ளிப் போய்விடுகின்றன. மாதிரி காட்டிய இடத்தில் இப்போது ஹார்ன் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. கருவி குரலைத் தணித்து ஹார்னை விட்டுவிடும். காதால் கேட்டே இதை இனம் காணலாம். ஹார்னின் சுருதி கடைசியில் தொய்ந்து இறங்கினால் அது ஓடும் வண்டி, மாதிரி எடுக்கும் வேலையே வேண்டாம்.

சரி, கையால் எடுப்பது என்றேனே, அது எப்படி? முதலில் பார்க்க வேண்டியது ஹார்ன் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதை அல்ல, எங்கே விழுந்திருக்கிறது என்பதை.

இடைவெளியில் விழுந்திருந்தால் வேலை எளிது. அதே பதிவில் ஃபேன் மட்டும் கேட்கும் ஓர் இடத்தை, ஹார்ன் நீளத்தைவிடச் சற்று அதிகமாக நகலெடுத்து, ஹார்ன் இருக்கும் இடத்தின் மேல் ஒட்டுங்கள். இரு முனைகளிலும் 10 மில்லி விநாடி அளவுக்குக் கலந்துவிட்டால் ஒட்டு தெரியாது. Silence போட்டு வெறுமையாக்க வேண்டாம். கேட் செய்த அதே தவறு அங்கேயும் வரும். ஒட்டுவதற்கென்றே பதிவின் தொடக்கத்தில் பேசாமல் அரை நிமிடம் உட்கார்ந்திருப்பது நல்ல வழக்கம். ரிடக்‌ஷனுக்கு மாதிரி எடுக்கவும் அதுவே உதவும்.

பேச்சின் மேல் விழுந்திருந்தால், முதலில் கேட்டுப் பாருங்கள், உடனே கை வைக்காதீர்கள். குரல் ஹார்னைவிட 15 டெசிபலுக்கு மேல் உயர்ந்து நின்றால், கதையில் ஆழ்ந்திருக்கும் காது அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தூரத்து ஹார்ன்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றை அப்படியே விட்டுவிடுவது, எடுக்கப் போய்க் குரலைக் கெடுப்பதைவிட மேல். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நகரத்தில் வாழும் ஒருவர் வாசிக்கிறார் என்பது கேட்பவருக்குக் குறையாகப் படுவதில்லை. குரல் உடைவதுதான் படுகிறது.

குரலுக்குச் சமமாக ஹார்ன் நின்றால் அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பதே சரி. வாசிக்கும்போதே ஹார்ன் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அது அடங்கும்வரை காத்திருந்து, ஒருமுறை கை தட்டிவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். தட்டல் அலைவடிவத்தில் ஊசி போல் உயர்ந்து தெரியும், பிறகு தேட வேண்டியதில்லை. ஒரு சொல்லை மட்டும் மறுபடி சொல்லி ஒட்டினால் சுருதி பொருந்தாது, ஒட்டு காட்டிக்கொடுக்கும்.

நேர்காணல் போல மறுபடி சொல்ல முடியாத பதிவுகளுக்கு மட்டும் நிறமாலைக் காட்சிக்குப் போங்கள். ட்ராக்கின் மெனுவில் Spectrogram தேர்ந்தால், ஹார்ன் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடைக்கோடுகளாகத் தெரியும். குரலின் கோடுகள் வளைந்து நெளியும். ஹார்னின் கோடுகள் நேராக நிற்கும், ஓடும் வண்டி என்றால் சற்றே சரியும். இந்த வேறுபாட்டை நாய்ஸ் கேட்டும் பார்ப்பதில்லை, ரிடக்‌ஷனும் பார்ப்பதில்லை. நம் கண் உடனே பார்த்துவிடுகிறது. ஆடாசிட்டியில் நிறமாலைத் தேர்வை இயக்கி, ஒரு கோட்டை மட்டும் பெட்டியாகத் தேர்ந்து Spectral edit multi tool கொடுத்தால் அந்தக் கோடு மட்டும் தணியும். வலுவான மூன்று நான்கு கோடுகளை எடுத்தாலே ஹார்னின் கூர்மை போய்விடும். எல்லாக் கோடுகளையும் எடுக்க வேண்டாம். ஐசோடோப் ஆர்எக்ஸ் போன்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இதே வேலை இன்னும் நேர்த்தியாக நடக்கும், ஆனால் முறை இதுதான்.

வரிசையும் முக்கியம். முதலில் ஹார்ன்களைக் கையால் கவனித்துவிடுங்கள். அடுத்து ஃபேனுக்கு மென்மையான ரிடக்‌ஷன், 6 முதல் 9 டெசிபல் வரை. உரத்த இடங்களுக்கும் மெலிந்த இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரஸர் கடைசியில். கம்ப்ரஸரை முதலில் போட்டால் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிவிடும். -46இல் கிடந்த தூரத்து ஹார்ன்கூட எழுந்து வந்து முன்னால் உட்காரும்.

நேரலையில் நிலைமை வேறு. அங்கே கையால் எடுக்கவும் முடியாது, மறுபடி வாசிக்கவும் முடியாது. ஓபிஎஸ் மென்பொருளில் கேட்டுக்குத் திறக்கும் அளவும் மூடும் அளவும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 6 டெசிபல் விட்டால் கதவு படபடக்காது. நேரலையில் மட்டும் கேட்டுக்கு என் வாக்கு உண்டு, நீண்ட நேரம் பேசாமல் இருப்பவர்களுக்கு. அங்கேயும் கிட்டத்து ஹார்ன் உள்ளே வரும். மைக்கை அணைக்கும் பொத்தானில் விரல் வைத்திருப்பதுதான் அதற்குத் தடை.

இவ்வளவும் 60 செ.மீ. தள்ளி வைத்த மைக்குக்கு. அதையே 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கணக்கே மாறுகிறது. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 60லிருந்து 30, 30லிருந்து 15. மொத்தம் 12 டெசிபல். குரல் பழைய உயரத்துக்கே வரும்படி பதிவு அளவைக் குறைத்தால் மற்ற எல்லாம் 12 டெசிபல் கீழே போகும். ஃபேன் -64, தூரத்து ஹார்ன் -58, கிட்டத்து ஹார்ன் -32. குரலின் தேய்ந்த முடிவு அதே -40.

இப்போது மறுபடி கேட்டை வைத்துப் பாருங்கள். தூரத்து ஹார்னுக்கும் குரலின் முடிவுக்கும் நடுவே முன்பு 6 டெசிபல்தான் இருந்தது; இப்போது 18. வாசலை -49இல் தாராளமாக வைக்கலாம், உகரம் அறுபடாது. ஃபேன் -64க்குப் போய்விட்டதால் ரிடக்‌ஷன் தேவைதானா என்பதே கேள்வியாகிவிடுகிறது. அதாவது வாய்க்கு அருகில் வைத்த மைக்கில் கேட் நியாயமான தேர்வு, தள்ளி வைத்த மைக்கில் ரிடக்‌ஷன். கிட்டத்து ஹார்ன் -32இல், குரல் முடிவைவிட இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது, இப்போதும் கேட் அதை நிறுத்தாது. ஆனால் -20இல் பேசும் குரலுக்குக் கீழே 12 டெசிபலுக்கு அது இறங்கிவிட்டது. மறுபடி வாசித்தே ஆக வேண்டிய வாக்கியங்கள் வெகுவாகக் குறையும். வாய்க்கு நேராக வைத்தால் பகரம் வெடிக்கும், ஆகவே சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மைக் கார்டியாய்டு வகை என்றால் அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும், பின்பக்கத்தில்தான் அதற்குக் காது மந்தம்.

நேரத்தையும் தேர்ந்துகொள்ளலாம். ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசரத் தேவை தவிர ஹார்ன் அடிப்பதைத் தடுக்கின்றன. சாலையில் அது முழுக்க நடப்பதில்லை என்றாலும், விடியலுக்கு முன் நூறடிச் சாலையும் ஓரளவு அடங்கித்தான் இருக்கும்.

தோழியின் பதிவுக்கு வருகிறேன். இடைவெளியில் விழுந்த ஹார்ன்களின் மேல் ஃபேன் சத்தத்தை ஒட்டினோம். தூரத்து ஹார்ன்களை விட்டுவிட்டோம். ‘அம்மா’வை மேலே சொன்ன வழியில் தணித்தோம், ஏனென்றால் அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் மறுபடி வராது என்று இருவருக்குமே தோன்றியது. ஹார்னில் மூழ்கிய மற்ற வாக்கியங்களை, மைக்கை அதே 60 செ.மீ.யில், அதே ஃபேன் வேகத்தில் வைத்து மறுபடி வாசித்தார். நெருங்கி உட்கார்ந்து வாசித்திருந்தால் பழைய பகுதிகளோடு நிறம் சேர்ந்திருக்காது. அடுத்த கதையை 15 செ.மீ.யில் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார், ஃபேனை அணைத்துவிட்டு.